வெள்ளிக்கிழமைப் பொட்டுக்குக் கீழே இருந்த கோடு

என் மகள் இறந்து இரண்டு வருஷம் வரைக்கும் அந்தப் பாட்டிலுக்குப் பேர் கிடையாது.

கட்டைவிரல் தடிமன், சுண்டுவிரல் உயரம். கறுப்பு மூடி. உள்ளே வைக்கோல் நிறத்தில் ஊசி ஊசியாக ஒரு தூள். வெளியே ஒட்டியிருந்த சீட்டில் எழுத்தாகப் பேர் எதுவும் இல்லை. பென்சிலால் போட்ட ஒரு படம். கோடும் வளையமும் நடுநடுவே ஓரிரு இங்கிலீஷ் எழுத்துமாகப் பாட்டிலைச் சுற்றிக்கொண்டு போகும் படம். அதன்மேல் கண்ணாடி டேப் ஒட்டியிருந்தாள்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்துப் பிறந்தவள். எங்கள் மலைக்குக் கீழே காலேஜ் ஹாஸ்டலில் தங்கிக் கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. படித்தாள். கடைசியாக வீட்டுக்கு வந்தபோது காய்ச்சலோடு வந்தாள். பையில் துணிமணியோடு இந்தப் பாட்டிலும் இருந்தது. ஐந்தாம் நாள் அவள் இல்லை. பாட்டில் இருந்தது.

ஊரில் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். காலேஜில் எதையோ காய்ச்சினாள், அந்த ஆவி உடம்புக்குள் போய்விட்டது என்றார்கள். அந்தப் பாட்டிலில் இருந்ததைத் தொட்ட கையோடு சோறு தின்றிருப்பாள் என்றார்கள். இன்னும் மோசமாகவும் பேசினார்கள். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பாட்டிலை அவள் அறை அலமாரியில் அவள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வெள்ளிக்கிழமை தோறும் படத்துக்குக் குங்குமம் வைக்கும்போது பாட்டிலுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். அவள் கையால் செய்தது, அவள் கையால் எழுதியது. என் வீட்டுக்காரர் அந்த அறைக்குள் வருவதை நிறுத்திவிட்டார். வாசற்படியில் நின்று சட்டையைக் கேட்பார். நான் எடுத்து நீட்டுவேன்.

அப்படியே போயிருக்கும். என் நாத்தனார் மகளுக்கு ஏழு மாசம் ஆனது. அவர்கள் வீடு உள்ளடங்கிய காட்டுக்குள். எங்கள் வீடு ரோட்டோரம், ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். பிரசவம் வரைக்கும் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்வதாக நானே சொன்னேன். இருப்பது ஒரே அறை, என் மகள் அறை. நாத்தனார் வந்து அறையைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள்.

“அண்ணி, இது இன்னும் இங்கயா இருக்குது?”

“இருந்தா என்ன?”

“என்னவா? மாசமா இருக்கற புள்ள படுக்கற எடம். அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“அவ செஞ்சது.”

“செஞ்சது சரிங்க. என்னத்தச் செஞ்சா? பேரு சொல்லுங்க, கேட்டுக்கறேன். வயித்துல கருவச் சொமந்துட்டு வர்ற புள்ளைங்க அண்ணி. ஞாயித்துக்கெழம வாரேன். அதுக்குள்ள பேரு சொல்லுங்க. இல்லீன்னா நானே கொண்டுபோயிப் பள்ளந் தோண்டிப் பொதச்சுப்போடறேன். நீங்க கோவிச்சாலும் சரி.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் கேட்டது நியாயம். பேர் தெரியாத விதையை நான் காட்டில் போட்டதில்லை. பேர் தெரியாத இலையைக் குழம்பில் போட்டதில்லை. இதை மட்டும் இரண்டு வருஷமாகப் பொட்டு வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். இங்கிலீஷில் சில எழுத்து தெரியும். மகளின் போனை நான்தான் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன், காசு கட்டி நம்பர் போகாமல் பார்த்துக்கொண்டேன். அதில் அவள் சிநேகிதப் பெண் ஒருத்தியோடு பேசிய இடம் எனக்குத் தெரியும். கூடப் படித்தவள், இப்போது ராசிபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். அந்த இடத்தைத் திறந்தால் இதே மாதிரிப் படங்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் அதே இரண்டு வார்த்தை. “நேம் திஸ்.” பேர் சொல்லு. உயிரோடு இருந்தபோது என் மகள் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். “நான் படத்தப் போட்டு அனுப்புவேம்மா, அவ பேரு சொல்லோணும். தப்பாச் சொன்னா அவ டீ வாங்கித் தரோணும்.”

வெள்ளிக்கிழமை காலையில் பொட்டு வைத்த கையோடு பாட்டிலைப் பின்பக்கம் பலா மரத்தடிக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் அங்கேதான் டவர் கிடைக்கும். கல்மேல் நிறுத்திப் போட்டோ எடுத்தேன். அனுப்பும் முன்னால் அந்த இரண்டு வார்த்தையை நானும் எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பினால் அவளுக்கு என்ன தெரியும்? முதல் எழுத்தை மட்டும் தேடித் தொட்டேன். மீதியைப் போனே மேலே எழுதிக் காட்டியது. அதைத் தொட்டேன். அடுத்த வார்த்தையும் தானே வந்து நின்றது. இரண்டு வருஷமாகியும் அந்தப் போன் அவள் வாயில் வருவதை மறக்கவில்லை. நான் எழுதியது ஒரே எழுத்து. மீதி அவள் எழுதியது.

படத்துக்குக் கீழே இரண்டு டிக்கும் நீலமானது, அவள் பார்த்துவிட்டாள். பதில் வரவில்லை. அன்று சாயங்காலம்தான் போன் வந்தது.

“யாருங்க இது?” அந்த டீச்சர் பெண்தான்.

“நாந்தான் கண்ணு. அவ அம்மா.”

அந்தப் பக்கம் அழுகை. அவள் அழுது முடிக்கும்வரை விட்டேன். பிறகு சொன்னாள். “கிளாஸ்ல இருந்தேங்கம்மா. அவ நம்பர், அவ வார்த்த. சாக்பீஸ் கையில இருந்து விழுந்துடுச்சு. பசங்க எல்லாம் எந்திரிச்சிட்டாங்க.”

“பயமுறுத்தோணும்னு அனுப்பலே சாமி. எனக்கு அதுக்குப் பேரு வேணும்.”

“அது மிளகுதாங்கம்மா. மிளகுல காரம் குடுக்கற பொருள். பேரு பைப்பரின். உங்க தோட்டத்து மிளகுல இருந்து அவ பிரிச்சு எடுத்தது. அவ ப்ராஜெக்டே அதுதானே.”

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரொம்ப சீக்கிரம் சொல்லிவிட்டாள்.

“ஏங் கண்ணு, படத்தப் பாத்துச் சொன்னியா, அவள நெனச்சுச் சொன்னியா?”

அவள் உண்மையைச் சொன்னாள். அதற்காகவே அந்தப் பெண்ணின்மேல் எனக்கு மரியாதை.

“நெனச்சுத்தாங்கம்மா. பாட்டில் உருண்டையா இருக்குது, போட்டோவுல ரெண்டு ஓரமும் தெரியல. நடுவுலயும் மங்கலா இருக்குது. இன்னொன்னும் இருக்குதுங்க. பைப்பரின் எடுத்ததுக்கப்புறம் அத மாத்தியும் பாத்துட்டு இருந்தா. அதுல இருக்கற இரட்டைக் கோட்டுல ஒண்ணையோ ரெண்டையோ ஒத்தக் கோடாக்கிப் பாக்கச் சொல்லி எங்க மேடம் சொல்லியிருந்தாங்க. அப்படி மாறிட்டா அது வேற பொருள். பேரும் வேற.”

“அது கெட்டதா?”

“தெரியாதுங்கம்மா. தெரியாதத நான் சொல்லக்கூடாது.”

பாட்டிலைத் திருப்பித் திருப்பி நாலு போட்டோ அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். டேப்பில் வெயில் பட்டுப் பளபளத்தது, ஒன்றும் விளங்கவில்லை என்றாள். அப்போது நான் சொன்னேன். “நான் கண்ணால பாத்து அப்படியே தட்டையா வெச்சுக் காட்டட்டுமா?”

மறுநாள் காலை முறத்தை எடுத்துக்கொண்டு பலா மரத்தடியில் உட்கார்ந்தேன். பேளுக்குறிச்சிச் சந்தையில் வாங்கிய புதுச் சீமாற்றிலிருந்து குச்சி உருவி ஒரே அளவாக ஒடித்தேன். ஒரு கோட்டுக்கு ஒரு குச்சி. இரட்டைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குச்சி, ஏனென்றால் அவள் இரண்டாவது கோட்டைக் கொஞ்சம் குட்டையாகத்தான் போட்டிருந்தாள். வட்டமாக ஒரு எழுத்து இருந்த இடத்தில் மொச்சைக் கொட்டை. மூன்று குச்சியை மடக்கி வைத்தது மாதிரி ஒரு எழுத்து ஒரே இடத்தில் இருந்தது. அங்கே ஒரு புளியங்கொட்டை. பாட்டிலை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன், பார்த்தேன், வைத்தேன். காற்று அடித்து இரண்டு தடவை கலைந்தது. மறுபடி வைத்தேன். அவசரம் என்ன?

உச்சி வெயிலுக்கு முன்னால் முடிந்தது. எழுந்து நின்று மேலிருந்து போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது. அன்று சனிக்கிழமை, அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

“அம்மா, எவ்வளவு அழகா வெச்சிருக்கீங்க!”

“அழகு கெடக்கட்டும். சரியா இருக்குதா?”

“நான் ஒண்ணொண்ணாச் சொல்றேன். பாட்டிலப் பாத்தே பதில் சொல்லோணும். முறத்தப் பாக்கக்கூடாது.”

“சரி.”

“இடது ஓரத்துல அஞ்சு மூலை வளையம். அதுல ரெண்டு மூலையில ஆக்ஸிஜன், நீங்க வெச்ச மொச்சக்கொட்டை.”

“ஆமா.”

“அதோட ஒட்டிக்கிட்டு ஆறு மூலை வளையம். நடுவுல ஒரு சுவரு ரெண்டுக்கும் பொது. உள்ள மூணு எடத்துல இரட்டைக் கோடு.”

“ஆமா. ஒண்ணு விட்டு ஒண்ணு.”

“அதுல இருந்து கொடி மாதிரி வளஞ்சு வளஞ்சு வருது. கொடி முடியற எடத்துல மேல பாத்து இரட்டைக் கோடு போட்டு ஒரு மொச்சை. அந்த மூலையில இருந்து புளியங்கொட்டைக்கு ஒரு கோடு. அதுதான் நைட்ரஜன்.”

“ஆமா.”

“இப்ப அந்த மூலையிலதாங்க எனக்குச் சிக்கல். எழுத்துப் போடாத மூலை எல்லாம் கார்பன். கார்பனுக்கு நாலு கைதான். அந்த மூலையில எண்ணிப் பாருங்க. மேல மொச்சைக்கு ரெண்டு கை. கொடிக்கு ஒண்ணு. புளியங்கொட்டைக்கு ஒண்ணு. நாலும் தீந்துபோச்சு. நீங்க அங்க இருந்து கீழ ஒரு நீளக் குச்சி வெச்சிருக்கீங்க. அஞ்சாவது கை. அது இருக்கவே முடியாது.”

“இருக்குதே. நான் இல்லாதத வெப்பனா?”

“வெக்க மாட்டீங்கம்மா. நல்லாப் பாருங்க. மத்த கோடு மாதிரியேவா இருக்குது?”

பாட்டிலை வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். மற்ற கோடெல்லாம் சாம்பல் நிறம். அது கறுப்பு. மற்றதெல்லாம் நேர்க்கோடு, அது லேசாக வளைந்திருந்தது. படம் முடிந்த பிறகும் சீட்டின் ஓரம் தாண்டிப் போனது. டேப் தூக்கிக்கொண்டிருந்த மூலையில் அதன் நுனி வெளியே நீட்டியிருந்தது. விரலால் தொட்டேன். அசைந்தது.

தலைமுடி.

சீட்டை ஒட்டும்போது குனிந்திருப்பாள். டேப்புக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு முடி மாட்டிக்கொண்டிருக்கிறது. கருகரு என்று, நீளமாக. அவள் துணியைத் துவைத்துப் பெட்டியில் வைத்தேன், தலையணை உறையைத் துவைத்தேன், சீப்பை ஊர்க்காரர்கள் சொன்னார்கள் என்று அவளோடேயே அனுப்பிவிட்டேன். அவள் உடம்பு என்று ஒன்றும் வீட்டில் மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன். இரண்டு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதன்மேல் விரலை வைத்திருக்கிறேன்.

“அம்மா? அம்மா, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கறேன். அது கோடில்ல கண்ணு. அவ முடி.”

பலா இலை ஒன்று முறத்தில் விழுந்தது. எடுத்துப் போட்டேன். கீழே வைத்திருந்த நீளக் குச்சியையும் எடுத்தேன்.

“எடுத்துட்டேன். அடுத்ததச் சொல்லு.”

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள். “வலது பக்கம் ஆறு மூலை வளையம், நைட்ரஜனையும் சேத்து. அதுல இரட்டைக் கோடே இல்ல.”

“இல்ல.”

“அப்ப கார்பன் மொத்தம் பதினேழு. சரி. ஆக்ஸிஜன் மூணு, நைட்ரஜன் ஒண்ணு, சரி. இனிக் கொடி மட்டுந்தாங்க. ஆறு மூலை வளையத்துல இருந்து எண்ணுங்க. ரெண்டாவது கோடு இரட்டை. நாலாவது கோடு? முறத்துல ஒத்தக் குச்சிதான் இருக்குது.”

“ஒத்தக் கோடுதான்.”

“நிச்சயமா?”

“உனக்கு அங்கயும் கை எண்ணினா தெரியுமில்ல?”

“இல்லீங்கம்மா. அதுதான் பயமே. அஞ்சு கை ஆனா தப்புன்னு கண்டுபிடிச்சிடலாம். கொறஞ்சா கண்டுபிடிக்க முடியாது. மிச்சக் கையில ஹைட்ரஜன் இருக்கறதா அர்த்தம், படத்துல அதப் போட மாட்டோம். ஒத்தக் கோடா இருந்தாலும் படம் சரியான படந்தான். ஆனா அது பைப்பரின் இல்ல. மாத்திப் பாத்ததுல வந்த வேற ஏதோ ஒண்ணு.”

நான் பாட்டிலைப் பார்த்தேன். நாலாவது கோடு இருந்த இடத்தில்தான் என் பொட்டு இருந்தது. இரண்டு வருஷக் குங்குமம், ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து மொச்சைத்தோல் மாதிரி. பொட்டின் இந்தப் பக்கம் ஒரு கோடு உள்ளே போனது. அந்தப் பக்கம் ஒரு கோடு வெளியே வந்தது. நடுவிலும் ஒரே கோடுதான் என்று நானே ஒரு குச்சி வைத்துவிட்டேன்.

சொன்னேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

“அம்மா, அங்க பாத்து வெச்சீங்களா, நெனச்சு வெச்சீங்களா?”

நான் கேட்ட கேள்வியை எனக்கே திருப்பிவிட்டாள். டீச்சர் இல்லையா?

“பொட்டு சாமி அது. பொட்டப்புள்ள பொட்டு. அத எப்படி அழிக்கறது?”

“நான் அழிங்கன்னு சொல்லலீங்கம்மா. தெரியாதுன்னே விட்டுடலாம்.”

தெரியாது என்று விட்டுவிட்டால் நாளைக்கு நாத்தனார் வருவாள். பள்ளத்தில் போகும். பாட்டில் மட்டும் போகாது, அவள் முடியும் போகும். போனைக் கல்மேல் வைத்தேன். சேலை முந்தானையைச் சுட்டுவிரலில் சுற்றினேன். அவளைக் குளிப்பாட்டிப் படுக்கவைத்த அன்றுகூட நான் வைத்த பொட்டை யாரையும் அழிக்கவிடவில்லை. இப்போது என் கையாலேயே துடைத்தேன். டேப்மேல்தான் இருந்தது, சீக்கிரம் வந்துவிட்டது.

கீழே ஒரு கோடு. அதன் பக்கத்தில், கொஞ்சம் குட்டையாக, இன்னொரு கோடு.

“இரட்டை” என்றேன்.

“இரட்டையா? நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்துத்தாஞ் சொல்றேன்.”

“அப்ப பைப்பரின்தாங்கம்மா. இரட்டைக் கோடு மொத்தம் ஆறு. எல்லாம் சரியா இருக்குது. மிளகுதாங்க.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “ஆனா ஒண்ணு சொல்லோணும். நான் பேரு சொன்னது படத்துக்கு. பாட்டில்ல இருக்கறதும் அதுதானான்னு படம் சொல்லாது. துளி எடுத்து உருக்கிப் பாக்கோணும். நூத்தி முப்பது டிகிரி பக்கத்துல உருகினா அதுதான்.”

ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரும் வந்தாள், மதிய பஸ்ஸில் அந்தப் பெண்ணும் வந்தாள். மெலிந்த பெண், பஸ் வளைவில் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தாள். வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் பாட்டிலைத்தான் பார்த்தாள். வெகுநேரம் அந்த முடியைப் பார்த்தாள். அரிசிமணி அளவு தூளைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டாள்.

நாத்தனார் கேட்டாள். “மொளகா? ரெண்டு வருசமா மொளகுக்கா பயந்துட்டு இருந்தோம்?”

“மொளகேதான்னு இல்லீங்க அத்த, அதுல இருக்கற காரம். உருக்கிப் பாத்துச் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் தெறக்காதீங்க. வாயிலயும் வெச்சுப் பாக்காதீங்க.”

“எனக்கென்ன பைத்தியமா? வேணும்னா காட்டுல போயி ஒரு கை மொளகப் பறிச்சுத் தின்னுக்கறேன்.” நாத்தனார் சிரித்தாள். வாசற்படிக்கு வெளியே நின்றிருந்த என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எதற்கு என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

புதன்கிழமை போன் வந்தது. “அம்மா, நூத்தி இருபத்தொம்போதுல ஆரம்பிச்சு நூத்தி முப்பதுல மொத்தமும் உருகிடுச்சுங்க. டக்குன்னு. கலப்படம் இருந்தா முன்னாடியே ஆரம்பிச்சு இழுத்துக்கிட்டே உருகும். ரொம்ப சுத்தமா எடுத்திருக்கா. நானெல்லாம் இவ்வளவு சுத்தமா எடுத்ததில்லீங்கம்மா.”

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் அறைக்குள் வந்து தன் சட்டையைத் தானே எடுத்துக்கொண்டார். அந்த வாரமே நாத்தனார் மகள் வந்து அந்தக் கட்டிலில் படுத்தாள். எல்லோருக்கும் நிம்மதி.

எனக்கு இல்லை. சமையலறையில் உரலைப் பார்க்கும்போதுதான் எது போனது என்று விளங்கியது. இரண்டு வருஷமாகப் பழியை அந்தப் பாட்டில் சுமந்துகொண்டிருந்தது. ஊர் சொன்னதற்குக் கோபப்பட்டேனே தவிர, உள்ளுக்குள் நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். இப்போது அது வெறும் மிளகின் காரம். அது அவளைக் கொல்லவில்லை. அப்படியானால் காய்ச்சல்தான். வந்த அன்றே அவள் சொன்னாள். “ஆஸ்பத்திரிக்குப் போலாமா அம்மா?” நான்தான் சொன்னேன், இந்தக் காய்ச்சலுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா, நான் பார்க்காத காய்ச்சலா என்று. மூன்று நாள் எங்கள் கொடி மிளகை இந்த உரலில் இடித்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். மறுக்காமல் குடித்தாள். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், ஏன் இத்தனை நாள் என்று. அந்தக் கேள்வியை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் முதல்தடவையாகச் சொல்கிறேன்.

நாத்தனார் மகளுக்கு ஒருநாள் காலையில் இருமல். லேசாக உடம்பு சுட்டது.

“அத்த, மொளகு தட்டிப்போட்டுக் கொஞ்சம் கஷாயம் வெச்சுத் தாங்களே.”

நான் உரலுக்குப் போகவில்லை. சேலையை மாற்றினேன், அவளுடைய ஆஸ்பத்திரி நோட்டை எடுத்தேன், செருப்பைப் போட்டேன்.

“கெளம்பு.”

“எங்கீங்க?”

“ஆஸ்பத்திரிக்கு.”

“ஒத்த இருமலுக்கா? நர்ஸம்மா சிரிப்பாங்க அத்த!”

“சிரிக்கட்டும்.”

சிரிக்கத்தான் செய்தார்கள். ஒன்றுமில்லை, சாதாரணச் சளி என்றார்கள். அடுத்த வாரமும் கூட்டிப்போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். குழந்தை பிறக்கும்வரைக்கும் அந்த நர்ஸம்மாவுக்கு நான் ஒரு வேடிக்கை.

இப்போது பொட்டை மூடியின்மேல் வைக்கிறேன். படத்தின்மேல் வைப்பதில்லை. படம் முழுசாகத் தெரிகிறது. பதினேழு மூலை, ஆறு இரட்டைக் கோடு. எங்கே என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கொடி முடிகிற மூலையிலிருந்து கீழே இறங்குகிற ஐந்தாவது கோட்டையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன். அது இருக்கவே முடியாது என்று அந்தப் பெண் சொன்னாள். ஆனால் அங்கேதான் இருக்கிறது.